நிழலில் அளந்த கல்கத்தா

ஹென்றி பிளான்ஃபோர்டு 1867ல் வங்க அரசின் வானிலை அறிக்கையாளராக அமர்த்தப்பட்டார். 1875ல் இந்திய வானிலைத் துறை கல்கத்தாவில் பிறந்தபோது அதன் பொறுப்பும் அவரிடமே வந்தது. அந்தக் காலத்து இந்திய வானிலை நிலையங்களில் வெப்பமானி நின்ற இடம் ஒரு கூரைக் கொட்டகை. நாலு பக்கமும் காற்றோட்டத்துக்குத் திறந்திருக்கும். மேலே வைக்கோலோ ஓலையோ வேய்ந்திருக்கும். பின்னால் அந்த இடத்தை வெள்ளையடித்த, பலகணித் தட்டிகள் வைத்த ஸ்டீவன்சன் பெட்டி பிடித்துக்கொண்டது. பெட்டிக்கு அடியில் புல்தரை இருக்க வேண்டும், வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய ஆளுயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி.

ஆக, நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த ஊர் தன் வெயிலை நிழலில் வைத்துத்தான் அளந்துவருகிறது. அது தவறல்ல. காற்றின் வெப்பத்தை அறிய வேறு வழி கிடையாது. வெயிலில் வைத்த வெப்பமானி காற்றைச் சொல்லாது, தன்மேல் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதைத்தான் சொல்லும். ஆனால் 2024 ஏப்ரல் 30 அன்று அலிப்பூரில் 43 டிகிரி என்று செய்தி வந்தபோது, அந்த 43 புல்தரைமேல் பெட்டிக்குள் இருந்த காற்றின் கணக்கு. அதே நேரத்தில் எஸ்பிளனேடு முனையில் பேருந்துக்கு நின்றவருக்கும், போபஜாரில் கைரிக்‌ஷா இழுத்தவருக்கும் அது பொருந்தாது. அவர்கள் நின்ற தரைக்கு அன்றும் பதிவேடு இல்லை, இன்றும் இல்லை.

தெருவின் வெப்பத்தை அளக்கக் கிளம்பும் கல்லூரி மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நகரத்தின் பழைய வெப்பம் அலிப்பூர்ப் பேரேட்டில் இருக்கிறது. தெருவின் பழைய வெப்பம் எங்கேயும் எழுதப்படவில்லை. அதை ஓரளவாவது மீட்க ஒரு வழி உண்டு: இன்னும் பழைய தன்மையோடு இருக்கும் நிழல் தெருவையும், மாறிப்போன வெட்டவெளித் தார்ச்சாலையையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பது. காலத்தால் பிரிந்த இரண்டை இடத்தால் பிரிந்த இரண்டாக மாற்றிக்கொள்கிறோம்.

அந்தப் பழைய தன்மை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். பழைய கல்கத்தாவின் சாலைகள் பெரும்பாலும் ஜல்லி கொட்டி, மண் தூவி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டிக் கெட்டித்தவை. இந்த ஊருக்கு வாய்த்த ஒரு வசதி, குடிநீர்க் குழாயோடு கூட, வடிகட்டாத கங்கைத் தண்ணீருக்குத் தனிக் குழாய் வலை. தெருமுனைக் குழாயில் தோல்குழலை மாட்டி, விடியற்காலையில் மாநகராட்சி ஆட்கள் தெருவைக் கழுவிவிடுவார்கள். புழுதி அடங்கத்தான் அது. ஆனால் தெருவுக்கு வேறொன்றும் கிடைத்தது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊறி நின்றால், அது ஆவியாகிப் போவதற்கு ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வேண்டும். உச்சி வெயில் அந்தச் சதுர மீட்டரில் கொட்டும் வெப்பம் நொடிக்கு 900 ஜூல் என்று கொண்டால், முக்கால் மணி நேர வெயிலை அந்த ஒரு லிட்டர் விழுங்கிவிடும்.

ஜல்லிச் சாலைதான் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இன்றைய கொல்கத்தாவின் பெரிய சாலைகள் பலவற்றில் போட்டிருப்பது மாஸ்டிக் தார். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் தேங்கும் ஊரில் சாதாரணத் தார் பெயர்ந்துவிடும் என்பதால், தண்ணீர் உள்ளே நுழையவே முடியாதபடி கெட்டியாகக் காய்ச்சி ஊற்றிய தார் இது. காரணம் நியாயமானது. ஆனால் அது கறுப்பு. விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே நிற்காததால் ஆவியாக்கி ஆறவும் வழியில்லை.

எங்கள் லேக் மார்க்கெட் பகுதித் தமிழர்களுக்கு இன்னொரு மாற்றம் நன்றாக நினைவிருக்கும். ராஷ்பிஹாரி அவென்யூவின் நடுவில் டிராமுக்கென்று தனித்தடம் இருந்தது. தண்டவாளங்களுக்கு இடையில் புல், ஓரத்தில் மரம். 2000களின் நடுவில் மோட்டார் வண்டிகளுக்கு இடம் வேண்டி அந்தத் தனித்தடத்தை எடுத்துவிட்டு, புல்லை மூடிக் கெட்டித் தரையாக்கினார்கள். டிராம் அப்போதே போய்விடவில்லை. புல் போனது. ஒரு சாலையின் நடுவே நீளக் கிடந்த ஈரமான பச்சைப் பட்டை ஒரே தடவையில் வெயில் வாங்கும் தரையானது. அதை அப்போது யாராவது ஒரு கையடக்க வெப்பமானியால் அளந்து எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மரங்களின் கணக்கு ஓரளவு எழுத்தில் இருக்கிறது. இந்திய வன அளவைத் துறையின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2011க்கும் 2021க்கும் இடையில் கொல்கத்தாவின் வனப்பரப்பு ஏறக்குறைய 2.5 சதுர கிலோமீட்டரிலிருந்து 1.8க்கு இறங்கியது. இடையில், 2020 மே 20 அன்று உம்பன் புயல் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மே மாதத்தில் தெருவையே சிவப்பாக்கும் கிருஷ்ணசூடா, அதாவது நம் மயில்கொன்றை, மிக அதிகமாக விழுந்தவற்றுள் ஒன்று. வேர் ஆழம் போகாத, கிளை எளிதில் முறியும் மரம் அது. அதன் காலடியில் சிமெண்டைப் போட்டு இறுக்கியும் வைத்திருந்தோம். மறுநாள் காலை தெற்குக் கொல்கத்தாவின் பல தெருக்களில், பல்லாண்டுகளாக நிழலில் கிடந்த தார் முதன்முதலாக முழு வெயிலைப் பார்த்தது.

இனி அளவுக்கு வருவோம்.

முன்பு புவியியல் மாணவர்கள் தெருவில் இறங்கும்போது கையில் இருந்தது சுழற்று வெப்பமானி. இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி. கைப்பிடியைப் பிடித்துக் கிலுகிலுப்பை போலச் சுழற்றிவிட்டு உடனே படிக்க வேண்டும். காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் கிடைக்கும். மரத்தடியிலும் வெட்டவெளியிலும் அளந்தால் வித்தியாசம் பல நாட்களில் ஒன்று, ஒன்றரை டிகிரிதான் தேறும். காற்று ஒரு இடத்தில் நிற்பதில்லை. வெட்டவெளியில் சூடானது நிழலுக்குள் வீசும், நிழலில் இருந்தது வெளியே போகும். இதைப் பார்த்த பலர், மரத்தால் பெரிய பயன் இல்லை போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

இப்போது மாணவர் கையில் இருப்பது அகச்சிவப்புத் துப்பாக்கி. விசையை அழுத்தினால் தரையின் மேற்பரப்பு வெப்பம் நொடியில் திரையில் வரும். நிழல் தாருக்கும் வெயில் தாருக்கும் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டும். இதைப் பார்த்த பலர், மரம் தெருவை இருபது டிகிரி குளிர்விக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் பிழை. குளிர்ந்தது தார், தெருவில் நடக்கும் மனிதரைச் சுற்றியுள்ள காற்று அவ்வளவு குளிரவில்லை.

இரண்டையும் ஒன்றாக அளந்த நல்ல ஆய்வு பெங்களூருவில் நடந்தது. லயனல் சுஜய் வைல்ஷேரி, மதுமிதா ஜெகன்மோகன், ஹரிணி நாகேந்திரா மூவரும் மரமுள்ள சாலைப் பகுதிகளையும் மரமில்லாத சாலைப் பகுதிகளையும் ஒப்பிட்டு 2013ல் கட்டுரை வெளியிட்டார்கள். பிற்பகலில் மரமுள்ள பகுதிகளின் காற்று அதிகபட்சம் 5.6 டிகிரி வரையும், சாலையின் மேற்பரப்பு அதிகபட்சம் 27.5 டிகிரி வரையும் குறைந்திருந்தது. ‘அதிகபட்சம்’ என்ற சொல்லை இங்கே விட்டுவிடக் கூடாது. எல்லாத் தெருவிலும் எல்லா நேரத்திலும் அப்படி என்பதல்ல அதன் பொருள். ஆனால் ஒரே தெருவுக்கு இரண்டு வெப்பமானிகள் எவ்வளவு வேறான விடை தருகின்றன என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் நிழலில் நுழைந்ததும் உடம்பு உணரும் அந்த விடுதலை எந்த எண்ணில் இருக்கிறது? மூன்றாவது ஒரு எண்ணில். வெயிலில் நிற்பவர்மேல் சூரியன் நேராக விழுகிறது. தார், சுவர், நிற்கும் பேருந்தின் தகரம் எல்லாம் தத்தம் வெப்பத்தை அவர்மேல் வீசுகின்றன. இப்படி நாலாபுறமிருந்தும் வரும் கதிர்வீச்சை ஒரே எண்ணாகச் சுருக்கினால் அதற்குச் சராசரிக் கதிர்வீச்சு வெப்பம் என்று பெயர். இதை அளக்க விலையுயர்ந்த கருவி கட்டாயம் இல்லை. 40 மில்லிமீட்டர் பிங்பாங் பந்து ஒன்றை வாங்கி, மினுங்காத கறுப்பு அல்லது சாம்பல் வண்ணம் அடித்து, நடுவில் ஒரு மெல்லிய வெப்ப உணரியைச் செருகி, ஆளின் மார்புயரத்தில் ஒரு குச்சியில் நிறுத்தினால் போதும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பந்தின் வெப்பம் ஒரு நிலைக்கு வரும். கூடவே காற்றின் வெப்பமும் வேகமும் தெரிந்தால், ஐ.எஸ்.ஓ. 7726 தரக்குறிப்பில் உள்ள சூத்திரத்தால் கணக்குப் போட்டுவிடலாம்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். இவை அளந்த எண்கள் அல்ல, கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வெட்டவெளித் தார்ச்சாலையில் காற்று 36 டிகிரி, பந்து 43 டிகிரி, காற்றின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். நிழல் தெருவில் காற்று 35, பந்து 36.5, வேகம் அரை மீட்டர். சூத்திரத்தில் போட்டால் வெட்டவெளியின் கதிர்வீச்சு வெப்பம் சுமார் 64 டிகிரி வரும். நிழலில் சுமார் 40. காற்றில் ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்த இரண்டு இடங்கள், உடம்பின்மேல் விழும் கதிரில் 24 டிகிரி விலகி நிற்கின்றன. பந்து வெறும் 43தான் காட்டுகிறதே என்று கேட்கலாம். வீசும் காற்று பந்தை ஆற்றிக்கொண்டே இருக்கிறது; அது ஆற்றிய பங்கைத் திரும்பக் கூட்டித்தான் 64க்கு வருகிறோம். அதனால் காற்றின் வேகத்தைக் குத்துமதிப்பாக எழுதினால் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். இந்த அளவில் மாணவர்கள் கோட்டைவிடும் முதல் இடம் இதுவே.

எந்தத் தெருக்களை இணை சேர்ப்பது என்பது அடுத்தது. சதர்ன் அவென்யூவின் மரத்தடியையும் ஈ.எம். பைபாஸின் வெட்டவெளியையும் ஒப்பிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். படம் எடுக்க அழகாக இருக்கும், ஆய்வுக்கு ஆகாது. சதர்ன் அவென்யூவை ஒட்டி ரவீந்திர சரோவர் ஏரி கிடக்கிறது. பைபாஸில் வாகனம் அதிகம், சாலை அகலம் வேறு, தாரின் வயது வேறு. வித்தியாசம் வந்தால் அது மரத்தாலா, ஏரியாலா, வண்டியாலா என்று பிரிக்க முடியாது. சதர்ன் அவென்யூவுக்குள்ளேயே, மரம் அடர்ந்த ஒரு நூறு மீட்டரையும் மரம் விழுந்து வெட்டவெளியான இன்னொரு நூறு மீட்டரையும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஏரியிலிருந்து தூரம் ஒன்றாக இருக்க வேண்டும், தாரும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தச் சாலைக்கு இன்றைய பெயர் மேக்நாத் சாகா சரணி. நட்சத்திரங்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பத்தைப் படிக்கும் சமன்பாட்டை 1920ல் தந்தவர் அவர். மாணவர்கள் அந்தப் பெயர்ப்பலகையின் அடியில் வெப்பமானியோடு நிற்பது எனக்குப் பிடித்த காட்சி.

நேரத்தையும் ஊரைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இந்திய நேரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை ஒட்டியது. கொல்கத்தா அதற்குக் கிழக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பதினொன்றரையைத் தாண்டி மூன்று நான்கு நிமிடத்தில். தார் தன் உச்ச வெப்பத்தைத் தொடுவது அதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி கழித்து. சென்னைப் பழக்கத்தில் பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றால் தாரின் உச்சம் கடந்திருக்கும்.

அந்த உச்சி வேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். பத்து மீட்டர் உயர வீட்டின் நிழல் தெருவில் ஒன்றரை மீட்டர்கூட விழாது. அகலமான சாலையில் அந்த நேரம் நிழல் தரக்கூடியது மரம் ஒன்றுதான். ஆனால் வடக்குக் கல்கத்தாவின் பழைய சந்துகள் வேறு மாதிரி. தெற்கு வடக்காக ஓடும் மூன்று மீட்டர் அகலச் சந்தில், இருபுறமும் பத்து மீட்டர் சுவர் இருந்தால், நடுவில் நிற்பவர்மேல் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் வெயில் விழும். ஷோபாபஜார், பாக்பஜார் பக்கத்துச் சந்துகளில் மரமே இல்லாமல் கிடைக்கும் நிழல் இது. வீட்டு வாசல் திண்ணையில், அங்கே ‘ரக்’ என்பார்கள், பகல் முழுவதும் ஆட்கள் உட்கார்ந்து பேச முடிந்ததற்கு இந்த வடிவமும் ஒரு காரணம். இரவில் இதே சந்து வேறு முகம் காட்டும். பகலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர்கள் ஒன்றையொன்று பார்த்து வீசிக்கொள்கின்றன. வானம் தெரிவது ஒரு கீற்றுதான் என்பதால் வெப்பம் மேலே தப்ப வழி குறைவு. மரத்தடிக்கும் இது ஓரளவு பொருந்தும். பகல் ஒரு மணிக்கு அளந்தவர்கள் இரவு ஒன்பது மணிக்கும் அதே இடத்தில் அளந்தால்தான் ஒரு தெருவின் நாள் முழுமையாகத் தெரியும்.

பிழைகளைக் கண்டுபிடிக்கும் வழிகள் எளியவை. காற்று வெப்பமானி வெயிலைக் குடிக்கிறதா என்று பார்க்க, அதற்கு ஒரு குடை பிடித்து விசிறிப் பாருங்கள். எண் சட்டென்று இறங்கினால் அதுவரை அளந்தது காற்றை அல்ல. இரண்டு கருவிகளில் ஒன்று பிறப்பிலேயே அரை டிகிரி கூடுதலாகக் காட்டலாம். பாதி வேலையில் இரண்டையும் இடம் மாற்றுங்கள். வித்தியாசம் தெருவோடு நின்றால் அது தெருவுடையது, கருவியோடு போனால் கருவியுடையது. நடந்துகொண்டே அளப்பவர்கள் கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். நாற்பது நிமிடத்தில் அந்த இடமே 0.6 டிகிரி ஏறியிருந்தால், நடுவில் இருபதாவது நிமிடத்தில் எடுத்த அளவிலிருந்து 0.3ஐக் கழித்துவிட வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி இதற்கு உதவாது. உடம்பின் வெப்பத்தை அடுத்த சிறு எல்லைக்குள்தான் அது படிக்கும், தாரைப் பார்த்தால் எல்லை மீறியதாகச் சொல்லிவிடும். சாலையைப் படிக்கும் துப்பாக்கியையும் குளிர்சாதன அறையிலிருந்து எடுத்துவந்த உடனே நம்பக் கூடாது. அரை மணி நேரம் அதே தெருவில் ஆறவோ சூடேறவோ விட்டு, செங்குத்தாகப் பிடித்து, வெள்ளைக் கோடு இல்லாத இடத்தில் படிக்க வேண்டும். மரநிழல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இப்போது நிழலில் இருக்கும் தார் இருபது நிமிடத்துக்கு முன்பு வெயிலில் இருந்திருக்கலாம். அது இன்னும் சுடும். நிழல் எப்போது வந்தது என்பதையும் எழுத வேண்டும். பிற்பகலில் காலபைசாக்கி, நம் கோடை இடிமழை, வந்துவிட்டால் அன்றைய அளவை மூடிவைத்துவிடலாம்.

செயற்கைக்கோள் வெப்பப் படம் இருக்க, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லேண்ட்சாட் கொல்கத்தாவைக் கடப்பது காலை பத்து மணி வாக்கில், தார் இன்னும் உச்சத்தைத் தொடாத நேரம். அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி தரையில் நூறு மீட்டர். ஒரு தெரு, இருபுற வீடுகள், மொட்டை மாடிகள், பின்தெரு எல்லாம் அந்த ஒரு புள்ளிக்குள் கரைந்துவிடும். மரம் உள்ள இடத்தில் அது பார்ப்பது இலையின் உச்சியை. அடியில் ஆள் நடக்கும் தரை அதன் கண்ணில் படுவதே இல்லை. நகரத்தின் எந்த வட்டாரம் சூடு என்று அறிய அது நல்ல கருவி. ஒரு தெருவின் இடது ஓரத்தில் நடப்பதா வலது ஓரத்தில் நடப்பதா என்பதற்கு அதில் விடை கிடையாது.

நிழல் தெருவைப் பழைய தெருவின் சாட்சியாக வைக்கும் இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 1950க்கும் 2018க்கும் இடையில் கொல்கத்தாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் 2.6 டிகிரி ஏறியதாக 2021ல் வந்த ஐ.பி.சி.சி. அறிக்கை சொல்கிறது, அதில் ஒப்பிட்ட நகரங்களிலேயே அதிகமான ஏற்றம் அது. இன்றைய மரத்தடியில் வீசும் காற்று அந்த ஏற்றத்தையும் சேர்த்துச் சுமந்து வருகிறது. ஆகவே நிழல் தெருவின் எண்ணை அப்படியே ‘அன்று’ என்று எழுதக் கூடாது. ‘இன்றைய காற்றில், அன்றைய நிழலோடு’ என்று எழுதுவதே சரி. தெருவில் செய்த மாற்றம் எவ்வளவு, ஊர் முழுவதும் ஏறியது எவ்வளவு என்று அப்போதுதான் பிரியும்.

உம்பனுக்குப் பிறகு வெற்றிடங்களில் நட்ட கன்றுகள் சில இப்போது ஆளுயரத்தைத் தாண்டிவிட்டன, இன்னும் நிழல் விரிக்கவில்லை. மாணவர்கள் அளக்க வேண்டிய இடங்களில் அவற்றையும் சேர்க்கச் சொல்கிறேன். ஒவ்வொரு இடத்துக்கும் குறிப்பேட்டில் இவ்வளவு இருக்க வேண்டும்: விளக்குக் கம்ப எண், கன்றின் இனம், மார்புயரத்தில் அதன் சுற்றளவு, நிழல் விழும் அகலம், தாரின் நிலை, பந்து, காற்று, தரை மூன்றின் வெப்பம், காற்றின் வேகம், தேதி, மணி. ராஷ்பிஹாரியின் புல் போன நாளுக்கு இல்லாத பதிவு, இந்தக் கன்றுகள் குடைவிரிக்கும் நாளுக்காவது இருக்கும்.